சத்தம் போடாத குறி

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு டம்ளர், தனக்குச் சர்க்கரையோடு ஒரு டம்ளர். மாத்திரை டப்பாவில் செவ்வாய் என்று எழுதிய அறையைத் திறந்து, வெள்ளை ஒன்று, மஞ்சள் பாதி, இரண்டையும் ஒரு தட்டில் வைத்தான். சவரம் செய்தான். குளித்தான். முந்தின நாள் துவைத்துப் போட்ட சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து அப்படியே போட்டுக்கொண்டான்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மகள் இறந்த அன்று வந்தவர், ஐந்து மாதமாக இங்கேயே இருக்கிறார். எப்போது போவீர்கள் என்று அவன் கேட்கவில்லை. எப்போது போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

"கமிட்டிக்காரங்க என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க, மாப்ள?"

"வியாழக்கிழமை மாமா."

"இன்னைக்கு என்ன?"

"செவ்வாய்."

"முப்பத்தஞ்சு வருஷம் வண்டி ஓட்டினேன். ஒருத்தனை இடிச்சாக்கூட உயிரோட இருக்கிறப்பதான் விசாரணை. செத்ததுக்கு அப்புறம் கூப்பிட்டுக் கேள்வி கேக்கிறதை இப்பதான் பாக்குறேன்."

"அவளைக் கூப்பிடல மாமா. மேடத்தைக் கூப்பிட்டிருக்காங்க. என்னையும்."

"அது சரி. அவ வரமாட்டான்னு தெரிஞ்சிருக்கு போல." மாத்திரையை விழுங்கினார். "நீங்க சாப்பிட்டுப் போங்க."

அவன் ரொட்டி இரண்டு துண்டைத் தின்றுவிட்டு, அவளுடைய லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

விவகாரம் இதுதான். அவள் கல்குவாரிகளில் வேலை செய்கிறவர்களின் நுரையீரலைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான்கு வருடம். குவாரிக்கே போய், கொட்டகைக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆளையும் குழாயில் ஊதச் சொல்லி அளவெடுத்தாள். எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டாள். எல்லாவற்றையும் அங்கேயே லேப்டாப்பில் தட்டிக்கொண்டாள். ஆய்வேட்டில் ஒரு பகுதியைக் கட்டுரையாக்கி ஒரு மாநாட்டுக்கு அனுப்பினாள். கட்டுரை அச்சில் வந்தபோது அவள் இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், ரத்தத்தில் தொற்று என்றார்கள், நாலாம் நாள் முடிந்துவிட்டது. முப்பத்தோரு வயது.

மேடம் விடவில்லை. மேடம் என்றால் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். ஆய்வேடு முக்கால்வாசி எழுதி முடிந்திருக்கிறது, மிச்சத்தைத் தொகுத்து அவள் பெயரிலேயே சமர்ப்பிக்கலாம், இறந்த பிறகும் பட்டம் கொடுக்க விதி இருக்கிறது என்று அலைந்து அனுமதி வாங்கினார். அந்த நேரத்தில்தான் பெயர் போடாத ஒரு கடிதம் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. மாநாட்டுக் கட்டுரையின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள் என்றது. அறுபத்துநாலு தொழிலாளிகள். வேலை செய்த வருடங்கள் என்ற பத்தியில் ஐம்பத்துமூன்று எண்கள் சுழியிலோ ஐந்திலோ முடிகின்றன. பத்து, பதினைந்து, இருபது, முப்பது. இயற்கையாக எடுத்த கணக்கில் இப்படி வராது. உட்கார்ந்த இடத்தில் எழுதினால்தான் வரும்.

மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். ஆய்வேடு நின்றது.

அவன் வேலை செய்த இடம் ஆராய்ச்சி இதழ்களை அச்சுக்குத் தயார் செய்யும் கம்பெனி. நீளமான ஹால், அறுபது மேசை. எந்தெந்த நாட்டிலோ எழுதிய கட்டுரைகள் காலையில் வந்து விழும், மாலையில் பக்கங்களாகிப் போகும். எழுத்தாளர்கள் எப்படி எப்படியோ அனுப்புவார்கள். இவர்கள் எல்லாவற்றையும் லேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரல்மொழிக்கு மாற்றுவார்கள். அவன் அட்டவணைப் பிரிவு. எட்டு வருடமாக அட்டவணை மட்டும்தான். வீட்டிலும் அவனை 'வீட்டு அச்சகம்' என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

பக்கத்து மேசைக்காரனுக்கு ஆபீசில் பெயர் கமா. ஒரு காற்புள்ளிக்காக ஒரு ஜெர்மன் விஞ்ஞானியோடு மூன்று வாரம் மெயிலில் சண்டை போட்டு ஜெயித்தவன்.

"ஆய்வேட்டுல மொத்தம் எத்தனை டேபிள்?" என்றான் கமா.

"முப்பத்தொண்ணு."

"எல்லாம் மார்க்டவுனா?"

"எல்லாம்."

"கையாலயா மாத்தப்போற? அதுக்கு நீயும் ஒரு பட்டம் வாங்கிடலாம்."

"ஸ்கிரிப்ட் இருக்கு."

ஸ்கிரிப்ட் இருந்தது, மார்க்டவுனைத் தானாக லேடெக்காக்கும் சின்ன நிரல். மாநாட்டுக் கட்டுரைக்காகப் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எழுதிக் கொடுத்தது. கமிட்டி என்ன சொன்னாலும் சொல்லட்டும், அட்டவணைகள் தயாராக இருக்கட்டும் என்று மேடம் கேட்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் அந்தப் பழைய ஸ்கிரிப்டைத் திறந்தான்.

அவள் மார்க்டவுனில், வெறும் எழுத்தும் கோடுமாக, எழுதிவைத்த அட்டவணையின் ஒரு துண்டு இப்படி இருந்தது.

|எண்|வருடம்|அளவு|
|:--|--:|--:|
|K_04|~20|61%|
|K_05|7|88%|
|K_06|~15|70%|
|K_07|~8|79%|

செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் ஒவ்வொரு கட்டம். இரண்டாவது வரியில் முக்காற்புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பத்தி ஒட்டி நிற்கவேண்டும். இடது பக்கம் இருந்தால் லேடெக்கில் l, வலது பக்கம் r, இரண்டு பக்கமும் இருந்தால் நடுவில், c. இந்த அட்டவணைக்கு lrr. அதுவரை சுலபம்.

சிக்கல் எழுத்துகளில். லேடெக்குக்குச் சில குறிகள் கட்டளைகள். & என்றால் அடுத்த பத்தி. % என்றால் இனிமேல் இந்த வரியில் வருவதை மறந்துவிடு. _ என்றால் கணிதத்தில் கீழே இறக்கு. அதையெல்லாம் வெறும் எழுத்தாகக் காட்டவேண்டுமானால் முன்னால் \ என்ற சாய்கோடு போட்டு அடக்கவேண்டும். போன வருடம் அவன் ஸ்கிரிப்டை எழுதியது பெரும்பாலும் ஓட்டிப் பார்த்துத்தான். ஓட்டினான், & பிழை என்று கத்தியது, அதற்கு ஒரு வரி சேர்த்தான். % வந்து வரியின் வாலைத் தின்றது, அடுத்த வரி வந்து ஒட்டிக்கொண்டு கத்தியது, அதற்கு ஒரு வரி. # கத்தியது, _ கத்தியது. கடைசியில் ஒன்றும் கத்தவில்லை. பக்கம் வந்துவிட்டது. அவள் பின்னால் நின்று பார்த்து, "அச்சகம் ஓடுது," என்றாள்.

அப்போது லேடெக் வரிகளை அழகுபடுத்தவில்லை. எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. அச்சில் ஒழுங்காக வந்தால் போதும், உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள். ஆய்வேடு அப்படி இல்லை. பின்னால் வேறு யாராவது திருத்தவேண்டி வரலாம். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவையான இடைவெளி சேர்த்து, & எல்லாம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்கும்படி நாலு வரி எழுதிச் சேர்த்தான். அடக்க வேண்டியதை முதலில் அடக்கிவிட்டு, அதற்குப் பிறகு நீளத்தை அளக்கவேண்டும். இல்லாவிட்டால் சாய்கோடு கூடுவதால் வரிசை நகர்ந்துவிடும். ஓட்டினான்.

K\_04 & ~20 & 61\% \\
K\_05 &   7 & 88\% \\
K\_06 & ~15 & 70\% \\
K\_07 &  ~8 & 79\% \\

அழகாக வந்தது. ரொட்டியைக் கடித்துக்கொண்டே திரையை உருட்டினான். அறுபத்துநாலு வரி. நடுப்பத்தி நேர்க்கோடாக இறங்கியது. எண்களுக்கு முன்னால் அந்த அலைக்குறி, வரிசையாக, கம்பியில் உட்கார்ந்த குருவிகள் மாதிரி. சில வரிகளில் மட்டும் இல்லை.

பக்கமாக்கிப் பார்த்தான். பிடிஎஃப் வந்தது. ஒரு பிழையும் இல்லை, ஒரு எச்சரிக்கையும் இல்லை.

பத்தியில் இருந்தது: 20, 7, 15, 8.

மெல்லுவதை நிறுத்தினான். மறுபடி மூலத்தைப் பார்த்தான். குருவிகள் இருந்தன. பக்கத்தைப் பார்த்தான். இல்லை.

அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. முதல் மாதப் பயிற்சியிலேயே சொல்லித் தருவது. லேடெக்கில் ~ என்றால் வரி முறியாத ஒரு இடைவெளி. பெயரும் இனிஷியலும் பிரிந்துபோகாமல் இருக்கத் தினமும் நூறு தடவை அவனே போடுகிற குறி. அது கத்தாது. கேட்டபடி ஒரு வெற்றிடத்தை வைத்துவிட்டுப் போய்விடும். வலது ஒட்டிய பத்தியில் எண்ணுக்கு இடது பக்கம் ஒரு வெற்றிடம் இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்.

மாநாட்டுக் கட்டுரையைத் திறந்தான். இரண்டாம் அட்டவணை. 20, 7, 15, 8. அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. அவள் எழுதியது: "~ குறி உள்ளவை தொழிலாளி நினைவிலிருந்து சொன்னவை, மற்றவை சம்பளப் பதிவேட்டிலிருந்து." அச்சில் வந்தது: "குறி உள்ளவை தொழிலாளி நினைவிலிருந்து சொன்னவை, மற்றவை சம்பளப் பதிவேட்டிலிருந்து." வரியின் தொடக்கத்தில் கொஞ்சம் வெள்ளை. எந்தக் குறி என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

குவாரியில் வேலை செய்கிற ஒரு ஆளிடம் எத்தனை வருடமாக இங்கே என்று கேட்டால் அவன் பதினேழு என்று சொல்லமாட்டான். ஒரு இருபது இருக்கும்மா என்பான். அந்த 'ஒரு'வையும் அந்த 'இருக்கும்'மையும்தான் அவள் அந்தக் குறியாகப் போட்டிருந்தாள். அவன் அதை ஐம்பத்திரண்டு இடத்தில் எடுத்துவிட்டான்.

"என்னடா, ரொட்டியில கல்லா?" என்றான் கமா.

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். கமா மூலத்தைப் பார்த்தான், பக்கத்தைப் பார்த்தான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இது யாரு ஸ்கிரிப்ட்?"

"என்னோடது."

"போன வருஷமே இதேதானா?"

"இதேதான்."

"சரி, இப்ப தெரிஞ்சிடுச்சுல்ல. நல்லதுதான். போய்ச் சொல்லு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "முதல்ல இதைச் சரி பண்ணு. வரிசையா ரீப்ளேஸ் பண்ணாத. எழுத்து எழுத்தா ஒரே தடவை போ."

அது வாஸ்தவம். சாய்கோட்டை முதலில் \textbackslash{} என்று மாற்றிவிட்டு, பிறகு அடைப்புக்குறிகளை அடக்கப் போனால், இப்போது போட்ட அடைப்பையே அது அடக்கிவிடும். அடைப்பை முதலில் பார்த்துவிட்டுச் சாய்கோட்டுக்கு வந்தால், இப்போது போட்ட சாய்கோட்டையே மாற்றிவிடும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, அதற்கு மட்டும் மாற்று எழுதி, திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். பத்துக் குறிகளுக்கும் ஒரு பட்டியல் போட்டான். ~ வந்தபோது கை நின்றது. \textasciitilde{} போட்டால் சில எழுத்துருவில் குறி உச்சியில் போய்த் தொங்கும், 'சுமார்' மாதிரி தெரியாது. $\sim$ என்று போட்டான். ஓட்டினான். எண்களுக்கு முன்னால் குறிகள் வந்து உட்கார்ந்தன.

மேடத்துக்குப் போன் செய்தான். சொன்னான். மேடம் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

"அவளோட மூலக் கோப்பை அப்படியே அனுப்புப்பா. இப்பவே கமிட்டிக்குக் குடுத்துடறேன். என் பொண்ணு பொய் எழுதமாட்டா, எனக்குத் தெரியும்." பிறகு கேட்டார். "அச்சுக்கு முன்னாடி ப்ரூஃப் வந்திருக்குமே. அவதானே பாத்து ஓகே பண்ணா?"

"ம்," என்றான்.

"அவளுக்கும் கண்ணுல படலையா. பாவம், உடம்புக்கு முடியாம இருந்திருக்கும்."

"ம்."

கோப்பை அனுப்பினான்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மேடம் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"கமிட்டியில ஒரு புள்ளியியல்காரர் இருக்கார். கோப்போட தேதியைப் பாத்திருக்கார். கடைசியா மாத்தினது போன வெள்ளிக்கிழமைன்னு இருக்காம். அவ போய் அஞ்சு மாசம் ஆச்சு. யாருப்பா மாத்தினது?"

அவனுக்கு உடனே ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது. வெள்ளிக்கிழமை லேப்டாப்பைத் திறந்து அட்டவணைகளை ஒரு தடவை பார்த்தான். ஒரு வரியில் கட்டம் ஒன்று கூடுதலாக இருந்தது. குறிப்பில் அவள் 'இடது|வலது' என்று எழுதியிருந்தாள். மார்க்டவுன் அந்தக் கோட்டைக் கட்டத்தின் சுவராக எடுத்துக்கொண்டு ஒன்றை இரண்டாகப் பிரித்துவிட்டது. முன்னால் ஒரு சாய்கோடு போட்டுச் சேமித்தான். எட்டு வருடப் பழக்கம். பிழையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

"நான்தான் மேடம். ஒரே ஒரு எழுத்து."

"ஒரு எழுத்தா, ஐம்பத்திரண்டு எழுத்தான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? புருஷன், அதுவும் இதே தொழில்ல இருக்கிறவன், செத்தவளைக் காப்பாத்த உக்காந்து குறி போட்டிருக்கான்னு பேசிக்கிறாங்க. அவர் நேராவே சொல்லிட்டார்."

என்ன சொன்னாலும் அவர்கள் நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை. அவனே அந்த நாற்காலியில் இருந்தால் நம்பமாட்டான்.

வீட்டுக்குப் போனான். மாமனார் வாசல் விளக்கின் ஹோல்டரைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தார்.

"ஏன் மாப்ள சீக்கிரம்? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல மாமா."

"மூஞ்சி அப்படித்தான் இருக்கு."

அவன் தரையில் உட்கார்ந்து சொன்னான். குறி, கோப்பு, தேதி, எல்லாம். மாமனாருக்குப் பாதி புரிந்தது.

"அப்ப உங்க வண்டிதான் மோதியிருக்கு. கேஸ் அவ பேர்ல."

"ஆமா மாமா."

"மோதின தடம் இருக்குமே. நாங்க அதைத்தான் முதல்ல பாப்போம். வண்டியைக் கழுவிட்டாலும் மோதின சுவத்துல பெயிண்ட் ஒட்டியிருக்கும்." ஸ்குரு ஒன்றைத் தேடினார். "நீங்க மோதினது எங்க?"

அவன் எழுந்து மேடத்துக்குப் போன் செய்தான்.

மாநாட்டுக்கு அவள் பிடிஎஃப்பை மட்டும் அனுப்பவில்லை. லேடெக் கோப்பையும் சேர்த்துச் சுருக்கி அனுப்பவேண்டும் என்பது விதி. பல்கலைக்கழக மெயிலிலிருந்துதான் அனுப்பினாள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஆறு வாரம் முன்னால். அந்த மெயில் அங்கே சர்வரில் இருக்கும். யாரும் தொட்டிருக்க முடியாது. அவனுடைய ஸ்கிரிப்ட் அந்தக் குறியை அழிக்கவில்லை, மாற்றவும் இல்லை. தெரியாததால் அப்படியே விட்டுவிட்டது. பக்கத்தில்தான் காணோம். உள்ளே இருக்கும்.

"எனக்கு அனுப்பச் சொல்லாதீங்க மேடம். உங்களுக்கும் வேண்டாம். கணினிப் பிரிவுக்காரங்களே எடுத்து, கமிட்டி முன்னாடி திறக்கட்டும்."

வியாழக்கிழமை பத்து மணி. இரண்டாம் மாடியில் ஒரு அறை, ஓவல் மேசை, பச்சைத் துணி. தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர், காதில் மெஷின். அவருக்கு வலது பக்கம் புள்ளியியல்காரர், ஐம்பது வயது, மெலிந்த ஆள், முன்னால் காகிதக் கட்டு. இடது பக்கம் ஒரு துணைப் பதிவாளர், அவர் கடைசிவரை பேசவேயில்லை. மூலையில் பதிவெழுதுகிற அம்மா கணினி முன்னால். மேடம் சுவரோரம். அவனுக்கு எதிர்ப் பக்கம் ஒரு நாற்காலி.

கணினிப் பிரிவுக்காரர் மெயிலைத் திறந்தார். தேதியை உரக்கப் படித்தார். சுருக்கிய கோப்பை விரித்தார். சுவரில் லேடெக் வந்தது. நெருக்கியடித்த வரிகள்.

K\_04&~20&61\%\\

"அந்த நெளிவு என்ன?" என்றார் தலைவர்.

"அவங்க 'சுமார்'னு போட்ட குறி சார். லேடெக் அதை இடைவெளின்னு எடுத்துக்கும். அச்சுல தெரியாது."

"பிழைன்னு சொல்லாதா?"

"சொல்லாது சார். அதுக்கு அது பிழை இல்ல."

"இந்த மாத்துற வேலையைச் செஞ்சது?"

"நான்."

புள்ளியியல்காரர் பேனாவை எடுத்து, சுவரைப் பார்த்து, காகிதத்தில் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுக்கொண்டு போனார். பத்து நிமிடம் அவருடைய பேனா ஓடுகிற சத்தம் மட்டும்தான். ஒரு தடவை கணினிப் பிரிவுக்காரரிடம் மேலே உருட்டச் சொன்னார்.

"ஐம்பத்திரண்டுல குறி இருக்கு," என்றார் கடைசியில். "சுழி, ஐந்துல முடியிற ஐம்பத்துமூணுல ஐம்பதுக்குக் குறி. ஞாபகத்துல சொன்னா அப்படித்தான் வரும், நானும் என் வயசை அப்படித்தான் சொல்றேன்." யாரும் சிரிக்கவில்லை. "குறி இல்லாதது பன்னெண்டு. அதுல சுழி, ஐந்து மூணே மூணு. அஞ்சுக்கு ஒண்ணுன்னு பாத்தா ரெண்டு மூணுதான் வரணும். வந்திருக்கு. எண்ணிக்கையில எனக்கு ஆட்சேபணை இல்ல. புதுசா வந்த கோப்போட அந்தத் தேதி விஷயத்தைச் சொன்னதுக்கு வருத்தம் இல்ல, அது சொல்லவேண்டியது. ஆனா இது போதும்."

மேடம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

தலைவர் பதிவெழுதுகிற அம்மாவிடம் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். தரவு புனையப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. அச்சுக்கு மாற்றும்போது நேர்ந்த பிழை. மாநாட்டுக்குத் திருத்தம் அனுப்பப்பட வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம்.

அவன் எழுந்துகொள்ளலாமா என்று பார்த்தான்.

"ஒண்ணு மிச்சம் இருக்கு," என்றார் தலைவர். ஒரு தாளை எடுத்தார். "மாநாட்டுக்காரங்க அனுப்பினது. அட்டவணைகள் எல்லாத்தையும் மூலத்தோட ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்னு ஆசிரியர் ஒப்புதல் குடுத்திருக்காங்க. அவங்க பேர்ல. பிழை வேற யாராலயோ இருக்கட்டும், பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டுப் பாக்காம விட்டா அது ஆசிரியரோட கவனக்குறைவு. அவங்க கோப்புல அதை நாங்க எழுதித்தான் ஆகணும். ஆய்வேட்டோடயே போகும். பட்டம் கிடைக்கும். கூட இதுவும் இருக்கும்."

"அவ உடம்புக்கு முடியாம இருந்தப்போ பாத்தது சார்," என்றார் மேடம். "அதையாவது எழுதுங்க."

"அதுதான் கேக்கிறேன். தேதி பதினேழுன்னு இருக்கு. மதியம் மூணு இருபது. ஆஸ்பத்திரிச் சான்றிதழையும் பாத்தேன். பதினேழாம் தேதி அவங்க தீவிர சிகிச்சைப் பிரிவுல இருந்திருக்காங்க." அவனைப் பார்த்தார். "அங்கே லேப்டாப் விடுவாங்களா?"

அவன் மேசைத் துணியைப் பார்த்தான். ஓரத்தில் யாரோ பேனாவால் குத்திய துளைகள் வரிசையாக இருந்தன. மேடம் தன்னைப் பார்ப்பது பார்க்காமலே தெரிந்தது.

"விடமாட்டாங்க சார்."

"அப்ப யாரு அழுத்தினது?"

"நான்."

"அவங்க பேர்லயா?"

"அவ பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும்."

"பாத்தீங்களா?"

"பத்தி நேரா நிக்குதான்னு பாத்தேன். கோடு எல்லாம் இடத்துல இருக்கான்னு பாத்தேன். பக்கம் முறியிற இடம் பாத்தேன்." நிறுத்தினான். "எண்ணைப் பாக்கல. மூலத்தோட ஒப்பிடல. வெளியே வராந்தாவுல பெஞ்சுல உக்காந்து போன்லதான் பாத்தேன். ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"எங்கிட்ட அவ பாத்தான்னு சொன்னியேப்பா," என்றார் மேடம் மெதுவாக.

"ஆமா மேடம்."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவங்களுக்குத் தெரியாம நீங்களா அழுத்தினீங்களா, இல்ல அவங்க சொல்லி அழுத்தினீங்களா?" என்றார் தலைவர். "தெரியாமன்னா கவனக்குறைவு அவங்களுது இல்ல. படிக்காமலே அழுத்துங்கன்னு அவங்க சொல்லியிருந்தா வேற விஷயம்."

"அவளுக்கு இதுல பங்கு இல்லன்னு எழுதிக்கோங்க சார். எல்லாம் என்னாலதான்."

"நீங்க எழுதச் சொல்றதை நான் எழுத முடியாது. நடந்ததைச் சொல்லுங்க, என்ன எழுதணும்னு நாங்க பாத்துக்கறோம்."

பதிவெழுதுகிற அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "அவங்க என்ன சொன்னாங்களோ அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க சார். மேற்கோள்ல போடணும். சுருக்காதீங்க."

அவன் சொன்னான். பார்வையாளர் நேரம் மூன்று மணி, பதினைந்து நிமிடம். பச்சை அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனான். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். வயதான மனிதர்கள் நடுவில் அவள் மட்டும் சின்னப் பெண்ணாகப் படுத்திருந்தாள். ப்ரூஃப் வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றான். இன்றைக்குத்தான் கடைசி நாள், போனைக் காட்டுங்கள் என்றாள். போன் உள்ளே கொண்டுவரக் கூடாது, வெளியே நர்ஸிடம் இருக்கிறது என்றான். வருடப் பத்தியை மட்டுமாவது ஒரு தடவை தன் கண்ணால் பார்த்துவிடவேண்டும், நர்ஸிடம் கெஞ்சிக் கேளுங்கள் என்றாள். பேசப் பேச மூச்சு வாங்கியது. அவளை நிறுத்தவேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்கு அப்போது தோன்றியது.

"நான் பாத்துட்டேன்னு சொன்னேன். அப்ப பாத்திருக்கல. திறக்கவே இல்ல. ஒவ்வொரு வரியா உன் கோப்போட வச்சுப் பாத்துட்டேன், அறுபத்துநாலும் சரியா இருக்குன்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க?"

பதிவெழுதுகிற அம்மாவின் விரல்கள் விசைகளின் மேல் தயாராக இருந்தன. அன்றைக்கு நாலு மணிக்கெல்லாம் அவளுக்கு மூச்சுக் குழாய் போட்டுவிட்டார்கள், அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினா," என்றான். "'நீங்க பாத்துட்டீங்கன்னா நான் பாக்க வேண்டாம்,'னு சொன்னா."